டிஐ செட்டில் நேரம் எங்கே போகிறது: ஓர் அட்டவணையும் ஒரு பார் சார்ட்டும்

வங்கித் தேர்வுக்கு நாங்கள் சிலர் சேர்ந்து படித்த காலத்தில், ஓர் அட்டவணையையோ வரைபடத்தையோ தந்து அதை வைத்தே ஒரு செட்டாகச் சில கேள்விகள் கேட்கும் டேட்டா இன்டர்பிரட்டேஷன், சுருக்கமாக டிஐ, என்றாலே வேகமாகப் பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தவர்களுக்கான பகுதி என்ற எண்ணம் எல்லோரிடமும் இருந்தது. அதனால் வாய்ப்பாடும் வர்க்கங்களும் மனப்பாடம் செய்வதில்தான் பெரும்பாலான மாலைகள் கழிந்தன. பிறகு நான் வேறொரு விதமாக நேரத்தை அளந்து பார்க்கத் தொடங்கினேன். ஒரு செட்டுக்கு ஆகும் மொத்த நேரத்தை மட்டும் குறிக்காமல், கேள்வியைப் படித்ததிலிருந்து பேனா தாளைத் தொடும் வரை ஆகும் நேரத்தைத் தனியாகவும், கணக்குப் போட ஆகும் நேரத்தைத் தனியாகவும் குறித்தேன். கணக்குக்கு ஆனது குறைவு. கேள்வியிலிருந்து அட்டவணைக்கும், அட்டவணையிலிருந்து மறுபடி கேள்விக்கும் கண் போய்ப் போய்த் திரும்புவதில்தான் பாதிக்கு மேற்பட்ட நேரம் கரைந்துகொண்டிருந்தது. இன்று வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே, தேர்வெழுதும் இளையவர்களோடு வார இறுதியில் உட்காரும்போதும் அதையேதான் பார்க்கிறேன். ஆகவே இந்தப் பகிர்வு வேகக் கணக்கைப் பற்றியது அல்ல, கணக்குக்கு முன்னால் செய்யவேண்டிய வாசிப்பைப் பற்றியது.

வங்கிகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் ஐபிபிஎஸ் நிறுவனம், பிஓ எனப்படும் அதிகாரி வேலைக்கும் கிளார்க் வேலைக்கும் நடத்தும் முதல்கட்டத் தேர்வான பிரிலிம்ஸில், குவான்ட் என்ற கணக்குப் பகுதிக்கு 20 நிமிடம், 35 கேள்விகள். ஒரு கேள்விக்குச் சராசரியாக 34 நொடிதான் வருகிறது. தவறான விடைக்கு அந்தக் கேள்விக்குரிய மதிப்பெண்ணில் நான்கில் ஒரு பங்கு போய்விடும், கால்குலேட்டரும் கிடையாது. டிஐ பெரும்பாலும் ஐந்து கேள்விகள் கொண்ட செட்டாக வரும் என்பதால், 34 நொடிக் கணக்கை அங்கே அப்படியே பொருத்தக்கூடாது. முதல் கேள்விக்கு முன்பே ஒரு முதலீடு செய்ய வேண்டியிருக்கிறது, அதன் பலன் மீதி நான்கு கேள்விகளில் திரும்பி வருகிறது. ஒரு செட்டுக்கு நான்கு முதல் ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டு, அதில் முதல் 40 நொடியை விடை தேடாமல் படிப்பதற்கு மட்டுமே ஒதுக்குவது என் வழக்கம். தொடக்கத்தில் இது மனத்துக்கு மிகவும் சங்கடமாக இருக்கும். பக்கத்து இருக்கைக்காரர் சுட்டெலியைத் தட்டும் ஓசை கேட்கும்போது நாம் மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பதுபோலத் தோன்றும்.

அந்த 40 நொடியில் என்ன செய்யவேண்டும் என்பதை ஓர் அட்டவணையை வைத்தே சொல்கிறேன். இது நானாக அமைத்தது. ஆனால் பிரிலிம்ஸில் வரும் அட்டவணைகளின் வார்ப்பு இதுதான்.

ஐந்து வங்கிக் கிளைகளுக்கு வந்த கடன் விண்ணப்பங்கள்:

| கிளை | வந்த விண்ணப்பங்கள் | ஏற்கப்பட்டவை (%) | ஏற்கப்பட்டவற்றில் ஆண் : பெண் |
|---|---|---|---|
| அ | 480 | 75 | 7 : 5 |
| ஆ | 640 | 62.5 | 3 : 2 |
| இ | 550 | 60 | 6 : 5 |
| ஈ | 720 | 55 | 5 : 4 |
| உ | 600 | 64 | 5 : 3 |

இதைப் பார்த்ததும் பலருடைய கண் எண்களின் மேல் பாய்கிறது. எண்களை அப்போது படிக்க வேண்டிய தேவையே இல்லை, கேள்வி கேட்கும்போது அவை அங்கேயேதான் இருக்கும். படிக்கவேண்டியது தலைப்பு வரிசை. ஒவ்வொரு தலைப்பிடமும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்: இந்த எண் எதனுடைய பங்கு? முதல் நெடுவரிசை தன்னளவில் முழு எண்ணிக்கை. இரண்டாவது, முதலாவதின் சதவீதம். மூன்றாவது, முதலாவதின் விகிதம் அல்ல, இரண்டாவதின் விகிதம். அதாவது விண்ணப்பித்த எல்லோரிலும் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று இந்த அட்டவணை சொல்லவே இல்லை. இதை ரஃப் ஷீட்டில் ஒரு சங்கிலியாக எழுதிவிடுவேன்: விண்ணப்பம் → ஏற்பு → ஆண், பெண். ஏற்பு என்பதன் பக்கத்தில் ஒரு கோடு பிரித்து, நிராகரிப்பு = 100 − ஏற்பு என்று குறித்துக்கொள்வேன். அட்டவணையில் நேரடியாகத் தராமல் கழித்துக் கண்டுபிடிக்கும்படி விட்டிருக்கும் அளவுதான் கேள்விகளில் அடிக்கடி வருகிறது என்பது செட்டுகளைத் தொடர்ந்து போட்டவர்களுக்குத் தெரியும்.

அதே நேரத்தில் அட்டவணையின் மேலும் கீழும் உள்ள சிறு எழுத்துகளையும் பார்த்துவிட வேண்டும். 'எண்கள் ஆயிரத்தில்', 'லட்சம் ரூபாயில்' போன்ற குறிப்புகள் அங்கேதான் இருக்கும். விகிதமோ சதவீதமோ கேட்டால், இரு பக்கமும் ஒரே அலகாக இருக்கும்வரை அந்தக் குறிப்பு தானாக அடிபட்டுப் போகும். எண்ணிக்கையைக் கேட்கும்போதுதான் அது வேலை செய்யும், அப்போது ஆப்ஷன்களில் 84, 8,400, 84,000 என்று மூன்றுமே இருந்தாலும் வியப்பதற்கில்லை.

அடுத்த முடிவு, எந்த நெடுவரிசையை முன்கூட்டியே கணக்கிட்டு வைப்பது என்பது. இதில் எங்கள் குழுவிலேயே இரண்டு கட்சி இருந்தது. இப்போது என்னிடம் படிக்க வரும் ஒரு பெண்ணும் இதைத்தான் கேட்டாள்: "அக்கா, அஞ்சு கிளைக்கும் முதல்லயே போட்டு வச்சுட்டு, கேள்வியில அத கேக்கவே இல்லன்னா நேரம் வீண்தானே?" அவள் கேட்டது நியாயமான கேள்வி. நான் அவளுக்குச் சொன்னது இது: "சங்கிலியோட நடுவுல இருக்கிறத மட்டும் போட்டு வைம்மா. அதத் தொடாம எந்தக் கேள்வியும் கடைசி வரைக்கும் போகாது." இங்கே நடுவில் இருப்பது ஏற்கப்பட்டவற்றின் எண்ணிக்கை. ஆண் எத்தனை, பெண் எத்தனை, நிராகரிக்கப்பட்டது எத்தனை என்று எதைக் கேட்டாலும் அதன் வழியாகவோ அதன் பக்கமாகவோதான் போகவேண்டும். ஆகவே அதை மட்டும் போட்டு வைப்பேன். ஆண், பெண் எண்ணிக்கையைக் கேள்வி கேட்டால்தான் போடுவேன்.

அதைப் போடும்போது சதவீதத்தைப் பின்னமாகப் பார்ப்பது இயல்பாகவே வந்துவிட வேண்டும். 75% என்பது நான்கில் மூன்று, ஆகவே 480-க்கு 360. 62.5% என்பது எட்டில் ஐந்து, ஆகவே 640-க்கு 400. 550-இல் 60% என்றால் 55-ஐ ஆறால் பெருக்கி 330. 55% என்பதைப் பாதியும் அதில் பத்தில் ஒரு பங்கும் என்று பார்த்தால் 360-உடன் 36 சேர்ந்து 396. 64% மட்டும் அழகான பின்னமாக வராது, ஆனால் 600 என்பதால் ஆறு முறை 64 என்று 384 வந்துவிடுகிறது. இவற்றை ரஃப் ஷீட்டில் கண்டபடி எழுதாமல், அ முதல் உ வரை ஒன்றின் கீழ் ஒன்றாக, கிளையின் எழுத்தோடு சேர்த்து எழுதவேண்டும். மூன்றாவது கேள்வியில் 396 எந்தக் கிளையுடையது என்று தேடவேண்டி வந்தால், போட்டு வைத்ததன் பயனே போய்விடும்.

இனி கேள்விகளுக்கு வரலாம். முதல் கேள்வி: ஈ கிளையில் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்கள், ஆ கிளையில் நிராகரிக்கப்பட்டவற்றை விட எத்தனை சதவீதம் அதிகம்? ஆப்ஷன்கள் 7.5, 20, 26, 35, 40. ஈ கிளையில் 720-இல் 396 போக 324, ஆ கிளையில் 640-இல் 400 போக 240. வித்தியாசம் 84. ஒப்பிடுவது ஆ கிளையோடு என்பதால் 240-தான் கீழே வரும். 84-ஐ 240-ஆல் வகுத்தால் 35%. கணக்கு இவ்வளவுதான். ஆனால் மற்ற ஆப்ஷன்கள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்பதில்தான் பாடம் இருக்கிறது. 7.5 என்பது 45%-இலிருந்து 37.5%-ஐக் கழித்தவருக்கு. 20 என்பது, விண்ணப்ப எண்ணிக்கையை மறந்துவிட்டு 45-ஐயும் 37.5-ஐயும் மட்டும் ஒப்பிட்டவருக்கு. 26 என்பது 84-ஐ 240-க்குப் பதில் 324-ஆல் வகுத்தவருக்கு. எப்படியெல்லாம் தவறுவோம் என்று யோசித்து, ஒவ்வொரு தவறுக்கும் ஓர் இருக்கை போட்டு வைத்திருக்கிறார் கேள்வி அமைப்பவர். அதனால் நம் விடை ஆப்ஷனில் இருக்கிறது என்பது அது சரி என்பதற்குச் சான்றாகாது. டிஐ-யில் நெகட்டிவ் மார்க் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் போகிறது. பெருக்கலில் தவறினால் ஆப்ஷனிலேயே இல்லாத ஓர் எண் வந்து நம்மை எச்சரிக்கும், அடிப்படையைத் தவறாக எடுத்தால் எச்சரிக்கை எதுவும் வராது.

இதே கேள்வியை எண்ணிக்கைக்குப் போகாமலே போடவும் வழி உண்டு. 45-க்கும் 37.5-க்கும் உள்ள விகிதம் 6 : 5, 720-க்கும் 640-க்கும் உள்ள விகிதம் 9 : 8. இரண்டையும் பெருக்கினால் 54 : 40, அதாவது 1.35. முப்பத்தைந்து சதவீதம் அதிகம் என்பது உடனே தெரிகிறது. ஏற்புக் கணக்கைப் போட்டு வைக்காதபோது இந்த வழி மிக வேகமானது. போட்டு வைத்திருந்தால் இரண்டுக்கும் நேரத்தில் பெரிய வேறுபாடு இல்லை.

இரண்டாவது கேள்வி: ஐந்து கிளைகளிலும் ஏற்கப்பட்ட பெண் விண்ணப்பதாரர்களின் சராசரி என்ன? இப்போது மூன்றாம் நெடுவரிசை தேவைப்படுகிறது. 360-ஐ 12 பங்காக்கி ஐந்து எடுத்தால் 150. 400-இல் ஐந்தில் இரண்டு 160. 330-ஐ 11 பங்காக்கி ஐந்து எடுத்தால் 150. 396-ஐ ஒன்பதாக்கி நான்கு எடுத்தால் 176. 384-ஐ எட்டாக்கி மூன்று எடுத்தால் 144. இவற்றைக் கூட்டி ஐந்தால் வகுப்பதைவிட, 150-ஐ நடுவாக வைத்துக்கொண்டு விலகல்களை மட்டும் கூட்டுவது எளிது: 0, 10, 0, 26, கழித்தல் 6. மொத்தம் 30, ஐந்தால் வகுத்தால் 6, ஆகவே சராசரி 156.

இந்த இடத்தில் ஒரு சோதனையைச் சொல்லியாக வேண்டும். ஆட்களின் எண்ணிக்கை பின்னத்தில் வர முடியாது. 384-ஐ ஒன்பதால் வகுக்கப் போய் 42.67 என்று வந்தால், கணக்கைத் திரும்பப் போடவேண்டாம். கண் ஒரு வரிசை மேலே ஏறிவிட்டது, உ கிளைக்கு ஈ கிளையின் விகிதத்தை எடுத்துவிட்டோம் என்று பொருள். வரிசை மாறிப் படிப்பது திரையில் மிகவும் சாதாரணமாக நடக்கும். அச்சிட்ட தாளில் விரலை வைத்துக்கொண்டு படித்துப் பழகியவர்களுக்கு, கணினி முன்னால் உட்கார்ந்ததும் அந்தப் பிடி போய்விடுகிறது. ஆனால் இந்தச் சோதனை எல்லாவற்றையும் பிடித்துவிடாது. அ கிளையின் 360-க்கு ஆ கிளையின் 3 : 2 விகிதத்தைப் போட்டாலும் 144 என்று முழு எண்ணே வரும். ஆகவே எண்ணை எடுக்கும்போதே கிளையின் எழுத்தை மனத்துக்குள் சொல்லிக்கொண்டு எடுப்பது நல்லது. சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றினாலும் நான் கடைசி வரை அதை விடவில்லை.

மூன்றாவது கேள்வி: ஈ கிளையில் ஏற்கப்பட்ட பெண்கள், ஆ கிளைக்கு வந்த மொத்த விண்ணப்பங்களில் எத்தனை சதவீதம்? 176-ஐ 640-ஆல் வகுக்கவேண்டும். நீள் வகுத்தல் வேண்டியதில்லை. 640-இல் கால் பங்கு 160, மீதி 16. 640-இல் ஒரு சதவீதம் 6.4 என்பதால், 16 என்பது இரண்டரை சதவீதம். ஆகவே 27.5%. இப்படிக் கால், பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்று கட்டிக்கட்டியாக எடுத்து அடுக்குவதுதான் பிரிலிம்ஸுக்கு நான் பயன்படுத்திய ஒரே வகுத்தல் முறை. இதன் வசதி என்னவென்றால், ஆப்ஷன்கள் தள்ளித் தள்ளி இருந்தால் பாதி வழியிலேயே நிறுத்திக்கொள்ளலாம். 25-க்கு மேல், 30-க்குக் கீழ் என்று தெரிந்ததும், அந்த இடைவெளியில் ஒரே ஆப்ஷன்தான் என்றால் அங்கேயே குறித்துவிட்டு நகரலாம். அதற்காகத்தான் கணக்கைத் தொடங்குவதற்கு முன் ஆப்ஷன்களைப் பார்க்கச் சொல்கிறேன். எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதைச் சொல்வது கேள்வி அல்ல, ஆப்ஷன்களின் இடைவெளி. 27.5-உம் 28-உம் இரண்டுமே இருந்தால் கடைசிக் கட்டி வரை போயே ஆகவேண்டும்.

நான்காவது கேள்வி எனக்குப் பிடித்தமானது: ஐந்து கிளைகளுக்கும் சேர்த்து வந்த மொத்த விண்ணப்பங்களில் ஏற்கப்பட்டவை தோராயமாக எத்தனை சதவீதம்? ஆப்ஷன்கள் 60.5, 62.5, 63.3, 65, 66.7. ஐந்து சதவீதங்களையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் 63.3 வரும், அதற்கும் இருக்கை போட்டிருக்கிறார்கள். சதவீதங்களின் நேர்ச் சராசரி, எல்லாக் கிளைகளுக்கும் விண்ணப்பம் சமமாக வந்திருந்தால் சரியாக இருந்திருக்கும். இங்கே அப்படி இல்லை. அதிக விண்ணப்பம் வந்த ஈ கிளையில் ஏற்பு மிகக் குறைவு, குறைந்த விண்ணப்பம் வந்த அ கிளையில் ஏற்பு மிக அதிகம். ஆகவே உண்மையான விடை 63.3-க்குக் கீழேதான் இறங்கியிருக்கும் என்று எதையும் கூட்டுவதற்கு முன்பே சொல்லிவிடலாம். மூன்று ஆப்ஷன்கள் அங்கேயே போய்விட்டன. மீதி இரண்டுக்கு இடையே தீர்மானிக்க, மொத்த விண்ணப்பம் 2,990, மொத்த ஏற்பு 1,870. அறுபது சதவீதம் 1,794, மீதி 76, ஒரு சதவீதம் ஏறத்தாழ 30. இரண்டரைக்கு அருகில் வருகிறது, ஆகவே 62.5.

ஐந்தாவது கேள்வி: இ கிளையில் விண்ணப்பித்த பெண்கள் எத்தனை பேர்? ஆப்ஷன்களில் 250 இருக்கும், 150 இருக்கும், தீர்மானிக்க முடியாது என்பதும் இருக்கும். 550-ஐ 6 : 5 என்று பிரித்தால் 300-உம் 250-உம் முழு எண்ணாக, ஒரு சந்தேகத்துக்கும் இடமில்லாமல் வருகிறது. ஆனால் அந்த விகிதம் ஏற்கப்பட்டவர்களுக்கு மட்டும் உரியது என்று முதல் 40 நொடியிலேயே சங்கிலியில் எழுதியிருக்கிறோம். நிராகரிக்கப்பட்ட 220 பேரில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்பதற்கு எந்தத் தகவலும் இல்லை. சங்கிலியைப் பார்த்தால் ஐந்து நொடியில் முடிகிற கேள்வி இது. சங்கிலி இல்லாவிட்டால், எளிதான கேள்வி கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியோடு 250-ஐக் குறித்துவிட்டுப் போக வைக்கும்.

பார் சார்ட் இதைவிடச் சுலபம் என்று பொதுவாகச் சொல்வார்கள், எனக்கு அப்படித் தோன்றியதில்லை. அட்டவணையில் எண்ணைப் படித்தாக வேண்டும். பார் சார்ட்டில் கண் எண்ணைப் படிப்பதற்கு முன்பே பட்டையின் உயரத்தைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது, அந்த முடிவு பல நேரங்களில் தவறு. ஒரு நிறுவனம் 2018 முதல் 2022 வரை விற்ற மிதிவண்டிகள் நூறுகளில் 160, 200, 180, 230, 285 என்று வைத்துக்கொள்வோம். செங்குத்து அச்சு 0-இல் தொடங்காமல் 120-இல் தொடங்குகிறது. அப்போது 2018-இன் பட்டை 40 அலகு உயரமும் 2019-இன் பட்டை 80 அலகு உயரமும் இருக்கும். பார்க்கிறவருக்கு விற்பனை இரட்டிப்பானதுபோல் தெரியும், உண்மையில் உயர்வு 25% மட்டுமே. ஆகவே பார் சார்ட்டில் முதலில் பார்க்கவேண்டியது அச்சின் அடியில் எழுதியிருக்கும் எண். அது 0 இல்லையென்றால், உயரங்களின் விகிதத்தை வைத்து எதையும் சொல்லக்கூடாது. இரண்டு பட்டைகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை மட்டும் கண்ணால் ஒப்பிடலாம், அதற்கு அச்சு எங்கே தொடங்கினாலும் கேடில்லை.

இந்த வரைபடத்தில் வழக்கமாக வரும் கேள்வி, முந்தைய ஆண்டைவிட வளர்ச்சி சதவீதம் எந்த ஆண்டில் மிக அதிகம் என்பது. கண்ணுக்குப் பெரிய தாவலாகத் தெரிவது 2022, உயர்வு 55. 2021-இன் உயர்வு 50, 2019-இன் உயர்வு 40. 2020-இல் விற்பனை குறைந்திருப்பதால் அதைத் தொடவே வேண்டாம். மூன்று வகுத்தல் போடாமல் கால் பங்கை அளவுகோலாக வைத்துப் பாருங்கள். 160-இல் கால் பங்கு சரியாக 40, ஆகவே 2019 துல்லியமாக 25%. 180-இல் கால் பங்கு 45, உயர்வு 50, ஆகவே 2021 அதற்கு மேல். 230-இல் கால் பங்கு 57.5, உயர்வு 55, ஆகவே 2022 அதற்குக் கீழ். விடை 2021. எத்தனை சதவீதம் என்று நாம் கண்டுபிடிக்கவே இல்லை, கேள்வியும் அதைக் கேட்கவில்லை. வளர்ச்சி ஒப்பீட்டில் நேரம் வீணாவது, கேட்காத எண்ணைத் தசமம் வரை போட்டுப் பார்ப்பதால்தான்.

இதே வகையில், எத்தனை ஆண்டுகளில் விற்பனை ஐந்தாண்டுச் சராசரிக்கு மேல் இருந்தது என்று கேட்டால் சராசரியைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சந்தேகத்துக்கு இடமான எண் 200-தான். 200-இலிருந்து விலகல்கள் கழித்தல் 40, 0, கழித்தல் 20, கூட்டல் 30, கூட்டல் 85. கூட்டினால் நேர்மறை, ஆகவே சராசரி 200-க்கு மேல், 2019 கீழே போய்விட்டது. 230-ஐப் பற்றியும் சந்தேகம் இருந்தால் அதையும் இப்படியே பார்க்கலாம். 160, 200, 180 மூன்றும் சேர்ந்து 150 கீழே இழுக்க, 285 மட்டும் 55 மேலே இழுக்கிறது, ஆகவே சராசரி 230-க்குக் கீழ். இரண்டு ஆண்டுகள் என்பது விடை.

பட்டைகளின் தலையில் எண் எழுதாமல் கோடுகளை மட்டும் தந்திருந்தால், இரண்டு கோடுகளுக்கு இடையே உள்ள அளவை முதலிலேயே கண்டு எழுதிவிட்டு, எல்லாப் பட்டைகளின் மதிப்பையும் ஒரே மூச்சில் ரஃப் ஷீட்டுக்கு மாற்றிவிடுவது நல்லது. அதன் பிறகு அது பார் சார்ட் அல்ல, அட்டவணை. ஒவ்வொரு ஆண்டுக்கும் உற்பத்தி, விற்பனை என்று இரட்டைப் பட்டைகள் இருந்தால், எந்த நிறம் எது என்பதை வரைபடத்தின் ஓரத்தில் உள்ள குறிப்பைப் பார்த்து அந்த அட்டவணையின் தலைப்பில் எழுதிவிட வேண்டும். இடப்பக்கப் பட்டைதான் உற்பத்தி என்று நாமாக எண்ணிக்கொள்ளக் கூடாது.

எந்தச் செட்டைத் தொடுவது, எதை விடுவது என்பதையும் அந்த 40 நொடிதான் தீர்மானிக்கிறது. சங்கிலி தெளிவாக எழுத வந்துவிட்டால், எண்கள் எவ்வளவு அருவருப்பாக இருந்தாலும் அந்தச் செட்டைப் போடலாம். தலைப்புகளைப் படித்து முடித்த பிறகும் ஒரு நெடுவரிசை எதன் பங்கு என்று சொல்ல முடியவில்லை, அல்லது கட்டங்களில் இரண்டு மூன்று காலியாக விடப்பட்டு ஒன்றைக் கண்டுபிடித்தால்தான் அடுத்தது கிடைக்கும் என்று இருக்கிறதென்றால், அதை ஒதுக்கிவிட்டு சிம்ப்ளிஃபிகேஷன், நம்பர் சீரிஸ் முடித்துவிட்டு வருவேன். அடுத்த கட்டத் தேர்வான மெயின்ஸில் இந்த வசதி குறைவு, அங்கே காலிக் கட்டம் உள்ள செட்டுகள்தான் மிகுதி, அவற்றுக்கு வேறு பழக்கம் வேண்டும். பிரிலிம்ஸில், ஒரு செட்டின் ஐந்து கேள்விகளையும் முடித்தே தீரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சங்கிலியும் நடு நெடுவரிசையும் கையில் இருக்கும்போது மூன்று கேள்விகள் ஒவ்வொன்றும் அரை நிமிடத்துக்குள் முடியும். மீதி இரண்டில் ஒன்று நீண்ட கூட்டலைக் கேட்டால், அதை மார்க் செய்துவிட்டுக் கடைசியில் திரும்பி வரலாம். ரஃப் ஷீட்டில் கிளையின் எழுத்தோடு எண்களை எழுதி வைத்திருந்தால், பத்து நிமிடம் கழித்து வந்தாலும் அட்டவணையை மறுபடி முதலிலிருந்து படிக்கவேண்டியிராது.